பென்சிலால் அளந்தால் ஆறரைத் தலை, பாடத்தில் எட்டுத் தலை: எதை வைத்து வரைவது?

கிறுக்கல்
அனைவருக்கும் வணக்கம். நேராக நிற்கும் ஆளை அளவு பிசகாமல் வரையப் பழகிவருகிறேன். தம்பியைச் சுவரோரம் நிறுத்திவைத்து, கையை நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை அளந்தேன். பென்சிலின் மேல்முனை உச்சந்தலையில், கட்டைவிரல் நகம் முகவாயில். அந்த அளவை முகவாய்க்குக் கீழே ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு போனால் பாதம் வந்து சேரும்போது ஆறரைத் தலைதான் தேறுகிறது. மறுபடி மறுபடி அளந்துவிட்டேன், அதேதான்.

வரைகலைப் பாடங்களில் எட்டுத் தலை என்றே இருக்கிறது. சிலர் ஏழரை என்கிறார்கள். ஆறரை என்று ஒருவரும் சொல்லவில்லை. தம்பி குள்ளமானவனும் இல்லை, உயரம் 168 செ.மீ. கண் சொல்வதை நம்பி ஆறரை வரைந்தால் தலை பெருத்த பொம்மைபோல் இருக்கிறது. எட்டு வரைந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அது தம்பி இல்லை, யாரோ நெட்டையான ஆள். எதை வைத்து வரைவது?

நேர்கோடு
இதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமே இல்லை நண்பரே. மனித உடல் எட்டுத் தலை. தாளில் எட்டுச் சம பாகம் போடுங்கள். முதல் கோடு முகவாய், இரண்டாவது மார்புக்காம்பு, மூன்றாவது தொப்புள், நான்காவது கவடு, ஆறாவது முழங்காலுக்குச் சற்றுக் கீழ், எட்டாவது பாதம். பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை மனப்பாடம் செய்யுங்கள். நான் பல வருடங்களாக இப்படித்தான் வரைகிறேன், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

கரித்துண்டு
கிறுக்கல் தம்பி, பதில் சொல்லுமுன் இரண்டு விவரம் வேண்டும். அளக்கும்போது உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் இடையில் எவ்வளவு தூரம்? நீங்கள் நின்றுகொண்டு அளந்தீர்களா, உட்கார்ந்தா?

நேர்கோடு சொன்ன கோடுகள் எட்டுத்தலை உருவத்துக்குச் சரியானவைதான். ஆனால் அது மெருகேற்றிய உருவம். கடைத்தெருவில் நடந்துபோகிற பெரியவர்களை அளந்தால் பெரும்பாலும் ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில் நிற்பார்கள். எட்டைத் தொடுகிறவர் அபூர்வம்.

கிறுக்கல்
நின்றுகொண்டுதான் அளந்தேன் ஐயா. அறை சிறியது, சுமார் இரண்டு மீட்டர் தூரம் இருக்கும்.

கரித்துண்டு
அதுதான் காரணம். பென்சிலும் பொய் சொல்லவில்லை, பாடமும் பொய் சொல்லவில்லை. நீங்கள் நின்ற இடம்தான் தவறு.

முதலில் தம்பியின் உண்மையான கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பென்சில் வேண்டாம், டேப் போதும். அவரைச் சுவரில் முதுகு படிய நிற்கச் சொல்லி, முடி அமுங்கும்படி ஒரு தட்டையான அட்டையைத் தலைமேல் படுக்கையாக வைத்துச் சுவரில் குறியுங்கள். இன்னோர் அட்டையை முகவாய்க்கு அடியில் அதேபோலக் கிடையாகப் பிடித்துச் சுவர்வரை கொண்டுபோய் அங்கேயும் குறியுங்கள். பார்வை நேர் எதிரே இருக்கட்டும். முகவாயைத் தூக்கினாலோ தாழ்த்தினாலோ அந்தக் குறி இடம் மாறிவிடும். இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ளதுதான் தலை உயரம். மொத்த உயரத்தை அதனால் வகுத்து வருவதைச் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நம் சிற்ப நூல்கள் உத்தம தசதாலம் என்று தெய்வ உருவங்களுக்குப் பத்து அளவு சொல்கின்றன, நவதாலம் என்று ஒன்பதும் உண்டு. எட்டுத் தலைக்கே இப்படி விவாதிக்கிறீர்களே, நம் சிற்பிகள் பத்துத் தலை வைத்தல்லவா வடித்திருக்கிறார்கள்?

கரித்துண்டு
உளிச்சத்தம், இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். தாலம் என்பது முகத்தின் நீளம், நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய்வரை. அது 12 அங்குலம். முடிக்கு மேலே உள்ள உச்சி அதில் சேராது, அதைத் தனியாகச் சில அங்குலங்களாகக் கூட்டுகிறார்கள். கழுத்து, முழங்கால், பாதம் ஆகியவற்றுக்கும் அப்படித் தனிக் கணக்கு உண்டு. உத்தம தசதாலத்தில் மொத்தம் 124 அங்குலம் வருவது அதனால்தான்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியதைப் பார்த்தால் இந்த வேறுபாடு ஒரே இடத்தில் விளங்கிவிடும். முகவாயிலிருந்து முடி தொடங்கும் இடம்வரை உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்கிறார். முகவாயிலிருந்து உச்சிவரை எட்டில் ஒரு பங்கு என்கிறார். ஆக ஒரே ஆள்தான் பத்து முகமாகவும் எட்டுத் தலையாகவும் நிற்கிறான். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டால் வம்புதான்.

உளிச்சத்தம்
நல்லது, இதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் தெய்வ உருவத்தை மனித உருவத்தைவிட நெடிதாக வைப்பது உண்மைதானே?

கரித்துண்டு
உண்மை. நீட்டி மெலிதாக்கினால் கம்பீரம் கூடும் என்பது பல இடங்களில் தெரிந்த சங்கதி. கிரேக்கச் சிற்பி லிசிப்போஸ் தமக்கு முந்தியவர்களைவிடத் தலையைச் சிறிதாகவும் உடலை ஒடுக்கமாகவும் வைத்தார், அதனால் உருவங்கள் உயரமாகத் தோன்றின என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். உடலை வளர்க்க வேண்டாம், தலையைக் குறைத்தாலே ஆள் வளர்ந்துவிடுவான். கிறுக்கல் எட்டுத் தலை வைத்ததும் தம்பி நெட்டையானது அந்த வழியில்தான்.

கிறுக்கல்
அளந்துவிட்டேன் ஐயா. தலை 22.4 செ.மீ., உயரம் 168 செ.மீ. வகுத்தால் மிகச் சரியாக 7.5. அப்படியானால் பென்சிலில் ஒரு முழுத் தலை எங்கே காணாமல் போனது?

முக்கோணம்
இதற்கு நான் பதில் சொல்கிறேன், இது என் துறை. ஓவியம் எனக்கு வராது, கோணக் கணக்கு வரும்.

நீங்கள் நிற்கும்போது உங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டம், தரையிலிருந்து 157 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். அவர் முகம் உங்கள் கண்ணிலிருந்து 2 மீட்டரில் இருக்கிறது. பாதம் அதே 2 மீட்டரில் இல்லை. அது கீழே சாய்வான கோட்டில் இருப்பதால் உங்கள் கண்ணிலிருந்து 2 மீட்டர் 54 செ.மீ. தள்ளி இருக்கிறது. தூரமாக இருப்பது சிறிதாகத் தெரியும். அத்துடன் கணுக்காலை மேலிருந்து சாய்வாகப் பார்க்கிறீர்கள், அதனால் இன்னும் குறுகும். கணக்குப்படி தலை உங்கள் கண்ணில் 6.4 பாகை பிடிக்கிறது. தரையை ஒட்டிய அதே 22.4 செ.மீ. உயரம் 4.2 பாகைதான் பிடிக்கிறது, அதாவது மூன்றில் இரண்டு பங்கு.

உச்சி முதல் பாதம்வரை மொத்தம் 41.3 பாகை. அதை 6.4 ஆல் வகுத்தால் ஆறரைக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. உங்கள் பென்சில் துல்லியமாகத்தான் அளந்திருக்கிறது.

நேர்கோடு
அப்படியென்றால் எவ்வளவு தள்ளி நின்றால் ஏழரை வரும்?

முக்கோணம்
முழு ஏழரை எந்தத் தூரத்திலும் வராது, கிட்டத்தட்ட வரும். 3 மீட்டரில் ஏழுக்கு ஒரு மயிரிழை குறைவு. 5 மீட்டரில் ஏழேகால். அங்கிருந்து பாதம் வெறும் 24 செ.மீ. கூடுதல் தூரம், 5 மீட்டரோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே அல்ல.

கரித்துண்டு
ஆளின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி நில் என்று ஓவிய வகுப்புகளில் சொல்வது இதனால்தான். 168-ஐ மூன்றால் பெருக்கினால் 5 மீட்டர். முக்கோணத்தின் கணக்கும் அந்த இடத்துக்கே வந்து நிற்கிறது. கோணக் கணக்குத் தெரியாதவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்தது.

ஒற்றைக்கண்
நான் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்துதான் வரைவேன், அதுவும் பக்கத்திலேயே. எனக்கு ஏழுக்கு மேல்தான் வரும். இரண்டு மீட்டரில் ஆறரை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முக்கோணம்
உட்கார்ந்தால் கணக்கு மாறுகிறது, அதைத்தான் கரித்துண்டு ஐயா ஆரம்பத்திலேயே கேட்டார். கண் 115 செ.மீ. உயரத்தில் இருந்தால் அது ஆளின் வயிற்றுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட மட்டம். அப்போது பாதம் மட்டும் குறுகாது, தலையும் சற்றுக் குறுகும். அளவுகோலே சிறிதாகிவிடுவதால் எண்ணிக்கை கூடுகிறது. அதே 2 மீட்டரில் ஏழேகாலுக்கு மேல் வருகிறது. நீங்கள் சொன்னது சரிதான்.

கரித்துண்டு
ஆனால் எண் சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தால் முகவாயின் அடிப்பாகம் தெரியும், மூக்குத் துவாரம் தெரியும், காது கண்ணைவிடத் தாழ்ந்து தெரியும். அதையும் அப்படியே வரைந்தால்தான் உடலும் தலையும் ஒன்றோடொன்று பொருந்தும். உடலை உட்கார்ந்து பார்த்து வரைந்துவிட்டு முகத்தை மட்டும் நேர்மட்டத்தில் மனப்பாடமாக ஒட்டினால் தலை வேறொருவருடையதுபோல் இருக்கும். இதை வகுப்பில் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

அந்திவண்ணம்
நான் போட்டோ பார்த்துத்தான் வரைகிறேன். கேமராவுக்கும் இதே கணக்குத்தானா?

முக்கோணம்
கேமராவை நேராக, கொஞ்சமும் சாய்க்காமல் பிடித்தால் இல்லை. அப்போது அது ஆளுக்கு முன்னே ஒரு கண்ணாடிப் பலகையை நிறுத்தி அதன்மேல் கோடு இழுப்பதற்குச் சமம். பலகையும் ஆளும் இணையாக இருப்பதால் தலையும் காலும் ஒரே விகிதத்தில் சுருங்கும், பக்கத்தில் நின்று எடுத்தாலும் ஏழரை ஏழரையாகவே விழும். முகத்துக்கு நேராகக் கேமராவைப் பிடித்து, பாதமும் படத்தில் விழவேண்டும் என்று கீழே சாய்க்கிறோம் பாருங்கள், அங்கேதான் கால் குட்டையாகிறது. கேமராவை ஆளின் இடுப்பு மட்டத்துக்கு இறக்கினால் சாய்க்க வேண்டிய தேவையே இருக்காது.

கிறுக்கல்
அப்படியானால் பென்சிலையும் சாயாமல் செங்குத்தாகவே பிடித்தால் இரண்டு மீட்டரிலும் ஏழரை வரவேண்டுமே? நான் நிமிர்த்தித்தானே பிடித்தேன்?

கரித்துண்டு
மேலே அளக்கும்போது நிமிர்ந்திருக்கும். கையைக் கீழே இறக்க இறக்கத் தோளைச் சுற்றி ஒரு வளைவில்தான் கை போகிறது, பென்சிலும் பார்வைக் கோட்டுக்குக் குறுக்காகத் திரும்பிக்கொள்கிறது. அதைத் தடுத்துச் செங்குத்தாகவே வைத்திருக்க வேண்டுமானால் கை போகப் போக நீள வேண்டும், அது நடக்காது. கண்ணாடிப் பலகை வைத்து வரைவதை ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1525-ல் அச்சிட்ட படத்தில் பார்க்கலாம். அதில் ஓவியர் கண்ணை ஒரு நிலையான துளையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். தலை அசைந்தால் எல்லாம் போய்விடும். வீட்டில் அவ்வளவு ஏற்பாடு செய்வதைவிட நாலு அடி பின்னால் போவது எளிது. அறை போதாவிட்டால் கதவைத் திறந்துவைத்துவிட்டு அடுத்த அறையில் நின்று பாருங்கள்.

மின்னல்கோடு
எனக்கு வேறு கருத்து. கண்ணுக்கு ஆறரை தெரிகிறதென்றால் ஆறரையே வரையுங்கள். அதுதான் அந்த இடத்திலிருந்து பார்த்த உண்மை. பக்கத்தில் நின்று பார்த்த நெருக்கம் படத்தில் இருக்கவேண்டும் என்று நினைக்கிற ஓவியன் ஏன் ஐந்து மீட்டர் பின்வாங்க வேண்டும்? டேப், அட்டை, பாகை என்று போனால் உருவத்தில் உயிர் எங்கே இருக்கும்? நான் முதலில் அசைவைப் பிடிப்பேன், ஒரே இழுப்பில் உச்சி முதல் குதிகால்வரை. அளவு அதற்குப் பிறகுதான்.

கரித்துண்டு
மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறரையை நம்பும்படி வரைய, மேலிருந்து பார்ப்பது படம் முழுவதிலும் தெரியவேண்டும். பாதத்தின் மேற்புறம் விரிந்து தெரியவேண்டும், தரை ஏறி நிற்க வேண்டும், இடுப்புப் பட்டையின் வளைவு கீழ்நோக்கித் தொங்க வேண்டும். கிறுக்கல் வரைந்தது வெறும் தாளில் தரையில்லாமல் நேராக நிற்கும் உருவம். அங்கே ஆறரையைப் பார்க்கிறவர் "பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்" என்று நினைக்கமாட்டார், "தலை பெரிது" என்றுதான் நினைப்பார்.

மின்னல்கோடு
பார்க்கிறவர் நினைப்பதற்காக நான் வரைவதில்லை. இதில் நாம் உடன்படப்போவதில்லை ஐயா.

செந்தூரப்பூ
எனக்கும் தலைப் பிரச்சினைதான், அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். என் மகளுக்கு நான்கு வயது. அவளை வரைந்தால் சின்னப் பெரியமனுஷி மாதிரி இருக்கிறாள். முகம் அவளேதான், எல்லாரும் அடையாளம் சொல்கிறார்கள். உடம்புதான் ஒட்டவில்லை. அவளுக்கும் தலையை ஏழரையால் பெருக்க வேண்டுமா?

நேர்கோடு
குழந்தைக்குத் தலை கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான் அம்மா. பெரியவரின் உருவத்தைச் சிறிதாக்கித் தலையை மட்டும் பெரிதாக்குங்கள்.

கரித்துண்டு
நேர்கோடு, அது பாதி வழிதான் போகும். தலையை மட்டும் பெரிதாக்கினால் பெரியவருக்குப் பொம்மைத் தலை வைத்ததுபோல் ஆகும். குழந்தைக்கு நடுப்புள்ளியே வேறு இடத்தில் இருக்கிறது.

அம்மா, பிறந்த குழந்தை ஏறக்குறைய நான்கு தலை. உடலின் பாதி தொப்புளை ஒட்டி விழும். வளர வளரத் தலை மெதுவாகவும் கால் வேகமாகவும் வளர்கின்றன, அதனால் அந்தப் பாதி கீழே இறங்கிக்கொண்டே வந்து பெரியவரில் இடுப்பின் முன்னெலும்பில் நிற்கிறது. நான்கு வயதில் ஐந்தரைத் தலைக்குப் பக்கமாக இருக்கலாம், பாதி தொப்புளுக்கும் கவட்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். நீங்கள் பழக்கத்தில் பாதியைக் கவட்டில் வைத்திருப்பீர்கள், கால் நீண்டிருக்கும். சின்னப் பெரியமனுஷி அங்கிருந்துதான் வருகிறாள். மேலே சொன்ன அட்டை வழியில் அளந்து பாருங்கள், அசையாமல் நின்றால்.

செந்தூரப்பூ
அசையாமல் நிற்பதா! தூங்கும்போது அளக்கிறேன்.

கிறுக்கல்
கரித்துண்டு ஐயா, அறைக்கு வெளியே போய் ஐந்து மீட்டரில் அளந்தேன், ஏழேகால் வந்தது. சரி, ஏழரை என்று வைத்து வரையலாம் என்றால் தாளில் எப்படிப் பிரிப்பது? எட்டுப் பாகமென்றால் மடித்து மடித்துப் பிரிக்கலாம். ஏழரையில் அந்த அரையை எங்கே வைப்பது? காலடியில் அரைப் பாகம் விட்டுப் பார்த்தேன், முழங்கால் எந்தக் கோட்டிலும் வந்து உட்காரவில்லை.

கரித்துண்டு
இது நல்ல கேள்வி, பலர் இங்கேதான் எட்டுக்கு ஓடிவிடுகிறார்கள்.

பாரிசில் உடற்கூறு கற்பித்த மருத்துவர் பால் ரிஷே 1890-ல் வெளியிட்ட அளவுமுறையை எடுத்துக்கொள்வோம். அவர் ஏழரையை மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக எண்ணவில்லை. மேலிருந்து நான்கு தலை எண்ணுகிறார், கீழிருந்தும் நான்கு தலை எண்ணுகிறார். நான்கும் நான்கும் எட்டாயிற்றே, உருவம் ஏழரைதானே என்றால், நடுவில் அரைத் தலை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. உடல் உண்மையாகவே அப்படித்தான் பூட்டப்பட்டிருக்கிறது. உடலின் அடி கவட்டில் முடிகிறது. காலோ கவட்டில் தொடங்கவில்லை, அதற்கு மேலே, இடுப்பின் பக்கவாட்டில் கைவைத்தால் தட்டுப்படும் எலும்புப் புடைப்பில் தொடங்குகிறது. காலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே அங்கே விரலை வைத்தால் அது அசைவது தெரியும்.

இப்போது தாளுக்கு வாருங்கள். ஏ3 தாளை நிமிர்த்தி வைத்து, மேலும் கீழும் இடம் விட்டு, 30 செ.மீ. குத்துக்கோடு ஒன்று போடுங்கள். ஏழரையால் வகுத்தால் தலை 4 செ.மீ.

மேலிருந்து 4 செ.மீ. முகவாய், 8 மார்புக்காம்பு, 12 தொப்புள், 16 கவடு. இது உடலுக்கு. பிறகு அந்தக் குத்துக்கோட்டின் அடியிலிருந்து மேலே எண்ணுங்கள். 8 செ.மீ. முழங்கால் மூட்டு, 16 செ.மீ. அந்தப் பக்கவாட்டுப் புடைப்பு. மேலிருந்து பார்த்தால் அது 14-இல் விழும். ஆக 14-க்கும் 16-க்கும் இடையே உள்ள 2 செ.மீ. இரண்டு கணக்குக்கும் பொது. அதன் நட்டநடுவில், 15-இல், இடுப்பின் முன்னெலும்பு. அதுவே முழு உருவத்தின் பாதி.

உங்களுக்கு முழங்கால் கோட்டில் உட்காராமல் போனதற்குக் காரணம், அதை மேலிருந்து எண்ணியதுதான். முழங்காலைப் பாதத்திலிருந்துதான் எண்ண வேண்டும்.

நேர்கோடு
அப்படியானால் என் எட்டுத்தலை உருவத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கால் மட்டும்தானா?

கரித்துண்டு
தலையை ஒரே அளவாக வைத்துப் பார்த்தால் ஆம். கவடுவரை இரண்டுமே நான்கு தலைதான். கவட்டுக்குக் கீழே உங்களுடையதில் நான்கு, இதில் மூன்றரை. எட்டுத்தலை உருவம் கால் நீண்ட ஆள். நாயகன் படம் வரைகிறவருக்கு அது வசதி. குறிப்பிட்ட ஒருவரை வரைகிறவருக்கு வசதி இல்லை.

நேர்கோடு
நான் வரைவது பெரும்பாலும் கதைகளுக்கான படம். எனக்கு எட்டே இருக்கட்டும். ஆனால் முழங்காலைக் கீழிருந்து எண்ணுவதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒற்றைக்கண்
உட்கார்ந்திருப்பவரை எப்படி எண்ணுவது என்று யாரும் சொல்லவில்லையே?

கரித்துண்டு
பக்கவாட்டில் பார்த்தால் எண்ணலாம். நாற்காலிப் பலகையிலிருந்து உச்சிவரை நான்கு தலைக்குக் கொஞ்சம் குறையும், பாதத்திலிருந்து முழங்கால்வரை அதே இரண்டு தலை. நேர் எதிரே பார்த்தால் தொடை உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் நீளத்துக்குத் தலைக்கணக்கு உதவாது. அந்த மாதிரி இடத்தில் தலையை விட்டுவிட்டு, முழங்கால் மார்புக்கு எவ்வளவு கீழே தெரிகிறது, எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்று நேரடியாகப் பென்சிலால் ஒப்பிடுவதுதான் வழி. தலை குனிந்திருந்தாலும் இதே சிக்கல், அளவுகோலே மடங்கிவிடுகிறது. அப்போது முன்கையின் நீளத்தையோ பாதத்தையோ அளவாக எடுத்துக்கொள்ளலாம், அது நேராகத் தெரிந்தால்.

கிறுக்கல்
30 செ.மீ. கோடு போட்டு, நீங்கள் சொன்னபடியே வரைந்து படத்தை இணைத்திருக்கிறேன். முழங்கால், இடுப்பு எல்லாம் கோட்டில் அழகாக உட்கார்ந்துவிட்டன. ஆனாலும் தலை கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. கோடுகள் எல்லாம் சரிதானே, பிறகு ஏன்?

அந்திவண்ணம்
தோள் குறுகலாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தோள் ஒடுங்கினால் தலை பெரிதாகத்தான் தெரியும். ஆண்களுக்குத் தோளின் அகலம் இரண்டு தலை உயரம் வரவேண்டுமே.

கரித்துண்டு
தோள் ஓர் இம்மி குறைவுதான், அதைச் சரிசெய்யலாம். ஆனால் முதல் காரணம் அது இல்லை. கிறுக்கல் தம்பி, கோடுகளை மறந்துவிட்டு, வரைந்து முடித்த தலையை ஸ்கேலால் அளந்து சொல்லுங்கள். முடியின் மேல்விளிம்பிலிருந்து முகவாயின் அடிக்கோடுவரை.

கிறுக்கல்
4.4 செ.மீ.

கரித்துண்டு
4 செ.மீ. என்பது மண்டையோட்டின் உச்சிக்கு. நீங்கள் 4-க்குள் முகத்தை வரைந்தீர்கள், பிறகு அதன்மேல் முடியைச் சேர்த்தீர்கள். நிழல் கொடுக்கும்போது முகவாய்க் கோடு தடித்துக் கீழே இறங்கிவிட்டது. மேலே 3 மி.மீ., கீழே 1 மி.மீ. என்று நினைக்கிறேன். உடல் அப்படியே இருக்கத் தலை மட்டும் 4.4 ஆகிவிட்டது. முகவாயிலிருந்து பாதம்வரை உள்ள 26 செ.மீ.க்குப் புதிய தலை ஆறுமுறைகூட முழுதாக வராது. ஆக நீங்கள் ஏழரையில் தொடங்கி ஏழுக்குக் கீழே வந்து நிற்கிறீர்கள். கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிட்டது.

முடி உச்சிக்கோட்டுக்கு மேலே கொஞ்சம் எழும்பலாம், அது இயல்பு. ஆனால் மண்டை அதன் உள்ளே எங்கே முடிகிறது என்பது நெற்றியின் உயரத்தில் தெரியும். உங்கள் படத்தில் கண்கள் தலையின் பாதியில் இல்லை, கீழே இறங்கியிருக்கின்றன, அதனால் நெற்றி உயர்ந்துவிட்டது. முதல் 4 செ.மீ.க்குள் கண் 2-இல் இருக்கவேண்டும்.

கிறுக்கல்
கண் 2.3-இல் இருக்கிறது. தலையை அழித்துவிட்டு மீண்டும் போடுகிறேன்.

மின்னல்கோடு
அழிக்க வேண்டாம், படத்தில் தம்பியின் முகச்சாயல் நன்றாக வந்திருக்கிறது. மேலே ஒரு தாளை வைத்து உடலை மட்டும் நகலெடுத்துத் தலையைப் புதிதாக வரைந்துகொள்ளுங்கள். பழையதைப் பத்திரமாக வையுங்கள்.

முக்கோணம்
ஒரு சந்தேகம். ஐந்து மீட்டரில் பென்சிலால் அளந்தபோது ஏழேகால்தானே வந்தது? அதைத் தூக்கி ஏழரைக்கு மாற்றியது டேப்பை நம்பித்தான். டேப் வைத்து அளக்க முடியாத ஆளை, உதாரணமாகச் சாலைக்கு எதிர்ப்புறம் நிற்பவரை வரையும்போது என்ன செய்வீர்கள்?

கரித்துண்டு
அவ்வளவு தூரத்தில் நிற்பவருக்குப் பென்சிலே டேப். 15 மீட்டரில் உங்கள் கணக்கு எவ்வளவு காட்டுகிறது?

முக்கோணம்
ஏழரைக்கு அரைக்கால்கூடக் குறையவில்லை. ஆனால் அங்கே தலை அவ்வளவு சிறிதாகத் தெரியும்போது கட்டைவிரல் ஒரு மில்லிமீட்டர் நழுவினாலே அரைத் தலை போய்விடுமே.

கரித்துண்டு
போய்விடும். அதனால் தூரத்து உருவத்தில் தலையை எண்ணாமல் முதலில் பாதியைத்தான் தேடுவேன். முழு உயரத்தைப் பென்சிலில் பிடித்து, அதன் பாதி உடலில் எங்கே விழுகிறது என்று பார்ப்பேன். பிறகு மேல்பாதிக்குள் தலை எத்தனை முறை வருகிறது என்று ஒப்பிடுவேன், மூன்றே முக்கால் என்றால் ஏழரை. இதைவிட நல்ல வழி வைத்திருப்பவர்கள் எழுதலாம்.

செந்தூரப்பூ
மகள் தூங்கிவிட்டாள், அளந்துவிட்டேன்! உயரம் 101 செ.மீ., தலை 18.4 செ.மீ., ஐந்தரை வருகிறது. பாதி தொப்புளுக்கு மூன்று விரல் கீழே. ஒரே ஒரு கேள்வி: படுத்திருக்கும்போது அளந்தால் நிற்கும் உயரத்தைவிடக் கூடுதலாக வருமா?

ஒற்றைக்கண்
கொஞ்சம் கூடும். வரைவதற்கு அது போதும் அம்மா, சட்டை தைப்பதற்கு என்றால் மறுபடி நிறுத்திவைத்து அளந்துகொள்ளுங்கள்.